அக்காவின் எழுபத்தொரு தென்னை

1974ஆம் வருடம் ஜூலை மாதம் 7ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு இருபது. இரவெல்லாம் தூறிவிட்டு அப்போதுதான் விட்டிருந்தது. மேற்கே இன்னும் மூட்டம். காற்று அடித்தால் மட்டைகளிலிருந்து நீர் சொட்டி என் சட்டைக்குள் இறங்கியது. ஒரு கையில் சுண்ணாம்பு டின், மறு கையில் தென்னம்பாளையை நசுக்கிச் செய்த பூச்சு மட்டையோடு எங்கள் தோப்பின் முதல் வரிசையில் நின்றேன். வெட்ட வேண்டிய மரங்களுக்கு அடையாளம் போட வந்திருந்தேன்.

தோப்பு என்றால் பெரிய தோப்பு இல்லை. ஆரணியிலிருந்து முள்ளிப்பட்டு போகும் பக்கம், ஆற்றை ஒட்டி, ஒரு ஏக்கர் முப்பத்தெட்டு சென்ட். தாத்தா நட்டது. பன்னிரண்டு வரிசை, வரிசைக்கு எட்டு, இருபத்தைந்து அடிக்கு ஒன்று. தொண்ணூற்றாறில் நாலு மரம் இடியிலும் புயலிலும் போனது போக மீதி தொண்ணூற்றிரண்டு. அறுபது வயது தாண்டிய மரங்கள். உச்சி சிறுத்துப்போய், பென்சில் சீவின மாதிரி ஆகியிருந்தன. நல்ல நாளில் எண்பது, தொண்ணூறு காய் கொடுத்த மரம் வருடத்துக்கு இருபது கொடுத்தால் பெரிது.

நான் அப்போது ஆரணியில் ஓர் அரசு அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வீடும் ஆரணியில்தான், வாடகை வீடு. தோப்பையும், தோப்புக்கு இரண்டு பர்லாங் தள்ளி ஊருக்குள் இருந்த பழைய வீட்டையும் பார்த்துக்கொண்டது அக்கா. என்னைவிட எட்டு வயது மூத்தவள். மாமா இறந்ததும் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள், பிள்ளை இல்லை. அப்பா சாகும் முன் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நிலம் எனக்கு என்றும், தோப்பில் நிற்கிற மரங்களின் காய் அக்காவுக்கு என்றும் சொல்லிவிட்டுப் போனார். எழுத்தில் ஏதும் இல்லை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். சொன்னது சொன்னதுதான்.

அந்தக் காய்தான் அவள் சாப்பாடு. மாதத்துக்கு எண்பது ரூபாய் சுமாராக வரும். அதை வைத்துக்கொண்டு யாரிடமும் கை நீட்டாமல் இருந்தாள்.

மூன்றாவது மரத்துக்கு வளையம் போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் குரல்.

"இன்னாடா, மாட்டுப் பொங்கலா? மரத்துக்கெல்லாம் பூசிகினு வர?"

"கிழடுங்களுக்கு அடையாளம் போடறேன்க்கா. இந்த வருசம் பாதி வெட்டி, கன்னு வைக்கணும். இல்லன்னா பத்து வருசத்துல ஒண்ணும் இருக்காது."

அக்கா தலையை அண்ணாந்து மரத்தைப் பார்த்தாள். ஈரத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"இதுல மூணு காய் இருக்குதே."

"மூணு காய்க்கு ஒரு மரமா?"

"காய்க்கிற மரத்துல கத்தி வெச்ச கை நல்லா இருக்குமாடா? பெத்துகினு இருக்கிறவள அடிச்ச மாதிரி."

சொல்லிவிட்டு, முந்தானையை நீரில் நனைத்து, நான் போட்ட சுண்ணாம்பைத் துடைக்க ஆரம்பித்தாள். நான் முன்னால் பூசிக்கொண்டு போக, அவள் பின்னால் உச்சியைப் பார்த்துத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒன்பது மணிக்கு வெயில் வந்தது. நான் நாற்பது மரத்துக்குப் பூசியிருந்தேன். சுண்ணாம்போடு மிஞ்சி நின்றவை பதினொன்று. காயே இல்லாத, பாளையே விடாத மொட்டைகள்.

கிணற்றடியில் உட்கார்ந்து கால் கழுவும்போதுதான் அவள் உண்மையான கேள்வியைக் கேட்டாள். சுண்ணாம்பு, பாவம் எல்லாம் அதற்கு முன்னுரை என்று அப்புறம்தான் எனக்கு விளங்கியது.

"புது மரம் காய்ச்சா அது யாருது?"

"உனக்குத்தான். வேற யாருக்கு?"

"நீ குடுக்கிறதா?"

"ஆமா."

"அதுதான் வேணாங்கறேன். நைனா குடுத்தது வேற, நீ குடுக்கிறது வேற. நிக்கிற மரம் என்னுதுன்னு நைனா சொன்னாரு. அத வெட்டிட்டா எனக்குன்னு இங்க இன்னா இருக்குது? நாளைக்கு உன் பொண்டாட்டி ஒரு வாய் சோத்த ஓரமா வெச்சா, தின்னுத்தான் ஆகணும்."

"அவ அப்படிப்பட்டவளா?"

"இல்ல. ஆனா வெச்சா?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அந்தக் கணக்கில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. கன்று நட்டால் காய் பார்க்க ஏழு எட்டு வருடம். அதுவரை அவளுக்கு எதுவும் இல்லை. அதன் பிறகு ஐம்பது அறுபது வருடம் வருமானம். ஆனால் நாற்பத்தாறு வயதுக்காரிக்கு நடுவில் இருக்கிற அந்த எட்டு வருடம்தான் பெரிது.

கடைசியில் அவளே வழி சொன்னாள். நாற்றுப்பண்ணையில் கன்று வாங்கக் கூடாது. அவளுடைய மரத்துக் காயைப் போட்டே கன்று எழுப்ப வேண்டும். அவள் மரத்தின் கன்று என்றால் அவளுடையதுதான். பசு ஒருவருடையது என்றால் கன்று இன்னொருவருடையது ஆகுமா? நான் ஒப்புக்கொண்டேன். பழைய மரங்கள் நிற்கும்போதே, நாலு மரத்துக்கு நடுவில் ஒரு கன்று. பன்னிரண்டு வரிசைக்கு எட்டு என்றால் நடு இடங்கள் பதினொன்றுக்கு ஏழு, எழுபத்தேழு குழி.

இன்னும் நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த ஐந்து மரங்களை அவள் தேர்ந்தெடுத்தாள். மரமேறுகிறவர் ஒருவர் எங்களுக்கு வழக்கமாக வருவார். அவரிடம் நெற்றாக முற்றிய காயைக் கீழே போடாமல் கயிறு கட்டி இறக்கச் சொன்னாள். நூற்றைம்பது காய். கிணற்றடி நிழலில் பள்ளம் எடுத்து, மணலில் வரிசையாகப் படுக்கவைத்து மூடி, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிளில் போய் எத்தனை முளைத்தது என்று எண்ணுவேன். நான் எண்ணி முடிக்கும் வரை நிற்பாள், பிறகு சொல்வாள்:

"நூத்திப் பதினெட்டு. நான் காலையிலயே எண்ணிட்டேன். டீ ஆறிடுது பாரு."

ஐந்து மாதத்துக்கு மேல் முளைக்காததை அவள் ஈவிரக்கம் பார்க்காமல் உரித்துச் சமைத்தாள். முளைத்தவற்றிலும் கழுத்து மெலிந்தவை, இலை சீக்கிரம் விரியாதவை எல்லாம் ஒதுக்கி எழுபத்தேழு வைத்துக்கொண்டாள்.

அடுத்த ஆனியில் நட்டோம். மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம், ஒவ்வொரு குழிக்கும் மூன்று ரூபாய் கூலி. அடியில் மணலும் மேல்மண்ணும் மக்கிய எருவும் போட்டுப் பாதி நிரப்பி, அதன் நடுவில் கன்று. பஞ்சாயத்து யூனியனிலிருந்து விவசாய உத்தியோகஸ்தர் ஒருவர், வயதில் சின்னவர், மொபெட்டில் வந்து பார்த்துவிட்டுத் தெளிவாகச் சொன்னார்: "கன்னு வேர் பிடிச்சதும் வருசத்துக்கு மூணுல ஒரு பங்கு பழைய மரத்த எடுத்துடுங்க சார். மூணு வருசத்துல எல்லாம் காலியாயிடணும். நிழல்ல தென்னை வராது."

"காய் நின்னுபோன மரத்த எடுத்துடறோம்" என்றாள் அக்கா. அவர் சொன்னது வேறு, இவள் சொன்னது வேறு. அவர் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், ஆனாலும் சும்மா இருந்தேன். மூன்று காய் இருந்தாலும் அது அவள் மரம்.

அன்றைக்கு இன்னொரு பேஜார். முதல் கன்றைக் குழியில் வைக்க அக்கா குனிந்தபோது மரமேறுகிறவர் தயங்கித் தலையைச் சொறிந்தார்.

"ஐயா, மொத கன்ன வூட்டு அம்மா வெக்கட்டுங்க. மஞ்சள் குங்குமம் இருக்கிற கை. வழக்கம்..."

என் மனைவி குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அக்கா மெதுவாக நிமிர்ந்து கன்றை அவளிடம் நீட்டினாள். முகத்தில் எதுவும் இல்லை. மனைவி குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கன்றை வாங்கி, குழியில் இறங்கி, ஒரு நிமிடத்தில் வைத்துவிட்டு ஏறினாள்.

"மொதலு ஆச்சு. வழக்கமும் ஆச்சு" என்றாள் மரமேறுகிறவரிடம். "மீதி எழுபத்தாறும் அண்ணி வைப்பாங்க. எனக்கு இடுப்பு வலி."

அவளுக்கு இடுப்பில் ஒரு வலியும் கிடையாது. அக்கா சிரித்ததை அன்று பார்த்தேன். அன்று இருட்டும் வரை எழுபத்தாறு குழியிலும் இறங்கி ஏறினாள்.

அதன் பிறகு வந்த வருடங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வாசனைதான். கிணற்றுப் பாசி, ஈர மணல், பனையோலையை மடக்கிக் கன்றுக்கு நிழல் கட்டும்போது வரும் உலர்ந்த மணம். கரண்டு எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் அக்கா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு மோட்டார் கொட்டகைக்கு ஓடுவாள். வராத கோடையில் குடத்தில் தூக்கி ஊற்றினாள். எருக்குழியில் உற்பத்தியான கொம்பு வண்டு குருத்தைத் துளைத்தபோது, மரமேறுகிறவர் வளைந்த கம்பியை உள்ளே விட்டு வண்டை இழுத்துப் போடுவார். பிறகு மணலும் வேப்பம்பிண்ணாக்கும் கலந்து மட்டை இடுக்கில் வைப்பார். இழுத்த வண்டுகளை அக்கா ஒரு தகர டப்பாவில் போட்டுவைப்பாள், ஞாயிற்றுக்கிழமை நான் எண்ணுவதற்காகவே.

"பாருடா, உனக்குச் சம்பளம் பதினாலு வண்டு."

கன்றுகள் வளர்ந்தன. உயரமாக வளர்ந்தன. பார்க்கிறவர்கள் எல்லாம் என்ன உயரம் என்றார்கள். எங்களுக்கும் பெருமையாக இருந்தது. காய் நின்றுபோன பழைய மரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தோம், முதலில் சுண்ணாம்பு போட்ட அந்தப் பதினொன்று, பிறகு நாலு வருடத்தில் மேலும் ஒன்பது. எழுபத்திரண்டு கிழட்டு மரங்கள் அவற்றின் தலைக்கு மேலே நிழல் விரித்துக்கொண்டே இருந்தன.

1979 கடைசியில், கார்த்திகை மழை ஓய்ந்திருந்த ஒரு நாள், அக்கா என்னைப் பக்கத்து நிலத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒருவர் நெல் வயலை மேடாக்கி, நாங்கள் நட்ட அதே மாதத்தில் தென்னை நட்டிருந்தார். திறந்த வெளி. கன்றுகள் எங்களுடையதைவிட இரண்டு முழம் குட்டை. ஆனால் அடி யானைக்கால் மாதிரி பருத்து, மட்டை குறுகிப் பரந்து நாலு பக்கமும் சாய்ந்து கிடந்தது. அக்கா ஒரு மரத்தின் அடியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தாள். கை எட்டவில்லை.

திரும்பி எங்கள் தோப்புக்கு வந்து எங்கள் கன்று ஒன்றின் அடியை ஒரு கையாலேயே சுற்றிப் பிடித்தாள்.

"கொத்தவரங்கா" என்றாள்.

நானும் ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன்.

"வெயில தேடிகினு ஓடுது, பாவம். மேலேருந்து நாம மறைச்சிகினு நிக்கிறோம்." மேலே பார்த்தாள். ஒரு கிழட்டு மரத்தில் நாலு காய், இன்னொன்றில் ஏழு. "அந்தப் பையன் மொபெட்ல வந்து சொன்னானே. எனக்குக் காதுல விழுந்துது. நாந்தான் கேக்கல."

"கொஞ்சம் கொஞ்சமா எடுக்கலாம்க்கா. ஒரேயடியா எடுத்தா உனக்கு..."

"எனக்கு இன்னா? வெட்டச் சொல்லு. மொத்தமா. தை பொறந்ததும் ஜல்தியா ஆள அனுப்பு."

"சாப்பாட்டுக்கு?"

"நான் பாத்துக்கறேன்."

மாதம் நூறு ரூபாய் தருகிறேன் என்றேன். ஆரணிக்கு வந்து இருங்கள் என்று மனைவியும் சொன்னாள். இரண்டுக்கும் அக்கா வேண்டாம் என்றாள்.

1980 தையில் மரம் வாங்குகிறவரின் ஆட்கள் வந்தார்கள். வெட்டுவதற்கு முதல் நாள் அக்கா மரம் மரமாகப் போய், அடியில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி மஞ்சள் தடவினாள். என்னிடம் சொல்லாமல் தனியாகப் போனாள். மஞ்சளைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. காய் எல்லாவற்றையும் முதலில் இறக்கிவிட்டார்கள். பிறகு உச்சியில் கயிறு கட்டி, கன்று இல்லாத பக்கம் இழுத்து இழுத்துச் சாய்த்தார்கள். எவ்வளவு பார்த்தும் ஆறு கன்றுகள் நசுங்கின. மிச்சம் எழுபத்தொன்று. ஐந்தாம் நாள் மாலை தோப்பில் நின்றபோது கண் கூசியது. அவ்வளவு வெளிச்சத்தை அங்கே நான் பார்த்ததே இல்லை. மெலிந்து நின்ற கன்றுகள் காற்றில் ஆடின. விழுந்துவிடுமோ என்று எனக்கு இரவெல்லாம் தூக்கம் இல்லை.

விற்ற மரத்தின் பணத்தை அக்காவிடம் நீட்டினேன். தொடவில்லை. "தோப்புக்கே போடு" என்றாள்.

மறு வாரம் போனபோது பழைய வீட்டுக் கூடத்தில் ராட்டை சுற்றும் சத்தம். முள்ளிப்பட்டில் தறிக்காரர்களுக்கு வேலை கொடுக்கும் ஒரு முதலாளியிடம் போய்ப் பட்டு இழை வாங்கி வந்திருந்தாள். சிட்டம் என்கிற பட்டுநூல் கட்டிலிருந்து இழையை எடுத்து ராட்டையில் சுற்றிக் கொடுத்தால் ஒரு நாளைக்கு மூன்று ரூபாய், வேகமாகச் சுற்றினால் நாலு. எங்கள் வீட்டில் யாரும் கூலிக்கு எதுவும் செய்ததில்லை. எனக்கு முகம் சுண்டிவிட்டது.

"ஊர்ல இன்னா சொல்லுவாங்க?"

"ஆரணில பாதிப் பேரு பட்டுலதான் சோறு துன்றான். என்ன மட்டும் சொல்லுவாங்களா? அந்த இழைய மிதிக்காத, தள்ளி நில்லு."

ஐந்து வருடம் சுற்றினாள். ஒரு காய் இல்லாத ஐந்து வருடம். கறிக்கு அரைக்கவே சந்தையில் தேங்காய் வாங்கினாள், தோப்புக்காரி. வெயில் வந்ததால் கன்றுகளுக்கு நடுவே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விதைத்தோம். அந்தப் பணத்தையும் என்னிடமே கொடுத்துவிட்டாள். பட்டு முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு அவளே சுற்றிய இழையில் நெய்த புடவை ஒன்றை அவளுக்குப் பிரித்துக் காட்டினார்களாம். "அந்தக் கரை என்னுது" என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கன்றுகளுக்கு அடி பருக்க இரண்டு வருடம் ஆயிற்று. பிறகு ஒரேயடியாக மரமாயின. 1984 வைகாசியில் ஒரு புதன்கிழமை, அலுவலக வாசலில் அக்கா வந்து நின்றாள். அதுவரை அவள் அங்கே வந்ததே இல்லை. யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பயந்து எழுந்து ஓடினேன்.

"பாளை வந்துட்டுது" என்றாள். "மூணாவது வரிசை, அஞ்சாவது மரம். உன் பொண்டாட்டி வெச்சது இல்ல, நான் வெச்சது."

அதைச் சொல்லத்தான் பஸ் ஏறி வந்திருந்தாள். டீ வாங்கிக் கொடுத்தேன், நின்றபடியே குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள்.

1987க்குள் எழுபத்தொன்றும் காய்த்தன. இரண்டு மாதத்துக்கு ஒரு வெட்டு, வெட்டுக்கு எண்ணூறு காய்க்குக் குறையாமல். அவள் ராட்டையை அதற்கு முன்பே முள்ளிப்பட்டில் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டிருந்தாள். அந்த வருடக் கடைசியில், வியாபாரி பணம் கொடுத்துவிட்டுப் போன சாயங்காலம், என்னை எதிரே உட்காரவைத்தாள்.

"இது வரைக்கும் தோப்புக்கு உன் கையால மொத்தம் ஆன செலவு எவ்வளவு?"

"அதெல்லாம் எதுக்கு?"

"நீ எண்ணாம இருந்திருக்க மாட்ட. சொல்லு. கம்மி பண்ணிச் சொன்னா எனக்குத் தெரியும்."

உண்மையைத்தான் சொன்னேன். குறைத்துச் சொன்னால் மரங்கள் நான் கொடுத்தது ஆகிவிடும். குழி, எரு, மோட்டார், கரண்டு, வேலி, ஆள் கூலி, பதிமூன்று வருடத்தில் ஒன்பதாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.

அக்கா விரலை மடக்க ஆரம்பித்தாள். "கெழட்டு மரம் வித்தது மூவாயிரத்து எரநூத்தி நாப்பது. அது என் மரம், கழி. கன்னு எழுபத்தேழு, பண்ணைல அப்போ மூணு ரூபா. எரநூத்தி முப்பத்தொண்ணு கழி. தண்ணி ஊத்தின கூலி, கோடைக்கு நூறு நாளு, அஞ்சு வருசம், நாளைக்கு நாலு ரூபா. ரெண்டாயிரம் கழி."

"மல்லாட்டைப் பணத்த விட்டுட்டியே?"

"அது நெலத்துல வெளஞ்சது. நெலம் உன்னுது." பாக்கி நாலாயிரத்து நூற்று அறுபத்தொன்பது என்று அவளே சொன்னாள். நான் மனதுக்குள் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது.

வாங்க மறுத்தால் நாய்க்குப் போடுவேன் என்றாள். வாங்கிக்கொண்டேன். நாலு வெட்டு, வெட்டுக்குத் தொள்ளாயிரம். ஒவ்வொரு முறையும் பணத்தை எண்ணி என் கையில் வைத்துவிட்டு, தோப்பைத் திரும்பிப் பார்ப்பாள். நாலாவது வெட்டு முடிந்தபோது பாக்கி கொஞ்சம்தான். ஐந்தாவது வெட்டுக்குப் போனேன். வியாபாரி போனதும் அக்கா எல்லாப் பணத்தையும் மடியில் கட்டிக்கொண்டாள்.

"பாக்கி?" என்றேன். வேண்டும் என்று கேட்கவில்லை. கணக்கு முடியாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

"உங்க மாமா போனதுலேருந்து பொங்கச் சீர் வேணாம்னு உன்ன வாசல்லயே திருப்பி அனுப்பினேன் இல்ல? இருபது வருசத்துக்கு மேல ஆச்சு. அதுக்கு இதை வெச்சிக்கறேன். தம்பிகிட்ட ஒண்ணும் வாங்காத அக்கான்னு எனக்கு மட்டும் எதுக்குப் பேரு?" எழுந்து புடவையை உதறினாள். "மரம் எழுபத்தொண்ணும் என்னுது. ஆச்சா?"

"ஆச்சு."

அந்தத் தோப்பு கடைசியில் எனக்கு வைத்த செலவு ஐந்நூற்று அறுபத்தொன்பது ரூபாய்.